லீஸ் பீட் மோசடி அல்ல

சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடி வெளியிடும் இளைஞர்களிடையே ஒரு கருத்து கேள்வியே இல்லாமல் வேரூன்றிவிட்டது. பீட்டை லீஸுக்கு வாங்குகிறவன் ஏமாளி. ஒரே பீட்டை ஐம்பது பேருக்கு விற்கிறார்கள். எம்பி3க்கு ஒரு விலை, வேவ் ஃபைலுக்கு ஒரு விலை, ஸ்டெம்ஸுக்கு ஒரு விலை என்று ஒரே சரக்குக்குப் பலமுறை காசு பிடுங்குகிறார்கள். பாட்டு ஓடிவிட்டால் உரிமை கேட்டு வந்து நிற்பார்கள். கடன் வாங்கியாவது எக்ஸ்க்ளூசிவாக வாங்கிவிட்டால் பாட்டு முழுக்க உன்னுடையது, பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. பாடகர்கள் சொல்லும் இதையே குறும்படம் எடுப்பவர்களும் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களும் சொல்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. அதை நம்பிப் பணத்தை இழப்பவர்கள் முதல் பாட்டை வெளியிடும் பிள்ளைகள் என்பதால், அது தீங்கானதும்கூட. நான் பீட் செய்து விற்பவன். இதில் எனக்கு ஆதாயம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஆமாம், இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் பெரிய தொகை என் கைக்கு வருவது எக்ஸ்க்ளூசிவ் விற்றால்தான். முதல் பாட்டுக்கே எக்ஸ்க்ளூசிவ் வேண்டும் என்று வருபவரைத் திருப்பி அனுப்பி லீஸ் எடுக்கச் சொல்லும்போது குறைவது என் அன்றைய வருமானம். அதைத் தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கருத்துக்குள் மூன்று வாதங்கள் இருக்கின்றன. ஒரே பீட்டைப் பலருக்குக் கொடுப்பது ஏமாற்று என்பது முதல் வாதம். விலைப் படிகள் ஒரே பொருளுக்கு விதிக்கப்படும் பல விலைகள் என்பது இரண்டாவது. எக்ஸ்க்ளூசிவ் வாங்கினால் முழுப் பாதுகாப்பு என்பது மூன்றாவது. மூன்றில் மிக ஆபத்தானது கடைசி வாதம். எனினும் வரிசையாகவே பார்ப்போம்.

முதல் வாதத்துக்கு நம்முடைய இசைப் பழக்கமே பதில் வைத்திருக்கிறது. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அது இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு மெட்டில் பக்திப் பாட்டு வரும், அதே மெட்டில் விடுதலைப் பாட்டு வரும், பிறகு அதே மெட்டு தேர்தல் மேடைக்கும் போகும். கேட்டவர்கள் யாரும் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கவில்லை. அவர்கள் கேட்டது புதுச் சொல்லையும் பாடுகிறவரின் குரலையும்.

ஜமைக்காவில் இது ஒரு முழுத் தொழிலாகவே வளர்ந்தது. பாட்டு இல்லாத இசைத்தளத்தை அங்கே ரிதம் என்பார்கள். தயாரிப்பாளர் ஒரு ரிதத்தை உருவாக்குவார். பல பாடகர்கள் அதன்மேல் தங்கள் பாட்டைப் பாடுவார்கள். லெங்கி என்று அழைக்கப்படும் ஸ்டீவன் மார்ஸ்டன் செய்த ஒரு ரிதத்தின் பெயர் ‘தீவாளி’. கைதட்டலை அடிப்படையாகக் கொண்ட அந்தத் தாளத்தின் மேல் ஷான் பால் ‘கெட் பிஸி’ பாடினார். அது 2003ஆம் ஆண்டு அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு, அதே தாளத்தின் மேல் லூமிடி பாடியது மூன்றாம் இடம் வரை ஏறியது. வெய்ன் வொண்டர் பாடிய காதல் பாட்டும் முதல் இருபதுக்குள் வந்தது. மூன்றும் ஒரே அடித்தளம். ஒன்றின் வெற்றி மற்றொன்றைக் கெடுக்கவில்லை. ஒரு பீட்டைப் பலர் பாடினால் பாட்டின் மதிப்புப் போய்விடும் என்பவர்கள் இந்த மூன்று பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வாதிட வரட்டும்.

ஏமாற்று என்ற சொல்லுக்கு இடம் உண்டு. பலருக்கு விற்பதை மறைத்து, உனக்கு மட்டும்தான் என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று. லீஸ் சீட்டின் முதல் வரியிலேயே இது தனியுரிமை இல்லாத அனுமதி என்று எழுதிக் கொடுப்பதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

இரண்டாவது வாதம் விலையைப் பற்றியது. அதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, நாட்டுப்புறச் சாயலில் ஒரு பீட் செய்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறை வாசிப்பவருக்கு 3,000 ரூபாய், புல்லாங்குழல் கலைஞருக்கு 4,000 ரூபாய், மிக்ஸ் செய்பவருக்கு 5,000 ரூபாய். கையிலிருந்து போவது 12,000. என் மூன்று நாள் உழைப்புக்கு 9,000 வைத்தால் 21,000. செய்த பீட்டெல்லாம் விற்பதில்லை. விற்காமல் கிடப்பவற்றின் செலவையும் விற்கிறவைதான் தாங்க வேண்டும். ஆகவே ஒரே ஒருவருக்குத்தான் கொடுப்பேன் என்றால் 30,000 ரூபாய்க்குக் குறைத்து என்னால் கொடுக்க முடியாது. அதே பீட்டை 1,500 ரூபாய் வீதம் பத்துப் பேருக்கும், 5,000 ரூபாய் வீதம் மூன்று பேருக்கும் லீஸில் கொடுத்தால் அதே 30,000 வருகிறது. இரண்டிலும் எனக்குக் கிடைப்பது ஒரே தொகைதான். முதல் வழியில் ஒரே ஒருவர் பாடுவார். இரண்டாம் வழியில் பதின்மூன்று பேர் பாடுவார்கள். அவர்களில் பத்துப் பேர் 30,000 ரூபாயைக் கனவில்கூடக் கொடுக்க முடியாதவர்கள். லீஸை ஒழிக்கச் சொல்பவர்கள், தாங்கள் அறியாமலே, இந்தப் பத்துப் பேரைத்தான் வெளியே தள்ளுகிறார்கள்.

படிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு வெறும் ஃபைல் வேறுபாடு என்று நினைப்பதுதான் குழப்பத்தின் வேர். ஃபைல் மாறுவது உண்மை, அதற்குக் காரணமும் உண்டு. எம்பி3 ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலி. பாட்டை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பும் விநியோக நிறுவனங்கள் பொதுவாக வேவ் ஃபைல் கேட்கும். எம்பி3 பீட்டின் மேல் பாடி அதை வேவாக மாற்றிக் கொடுத்தாலும், தளம் அதை இன்னொரு முறை சுருக்கும். இரண்டாவது சுருக்கத்தில் ஜால்ரா, சிம்பல் போன்ற மேல்ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் சிதைந்து ஒரு கரகரப்பு வரும். ஹெட்ஃபோனில் கேட்டால் தெரியும். ஸ்டெம்ஸ் என்றால் தாளம், பேஸ், குழல், கீபோர்டு எல்லாம் தனித்தனி ஃபைலாக வரும். சரணத்தில் குரலோடு மோதும் குழலை மட்டும் குறைக்கவோ, இடையிசையை நீட்டவோ ஸ்டெம்ஸ் இருந்தால்தான் முடியும். ஆனால் விலை ஏறுவதற்கு முக்கியக் காரணம் ஃபைல் அல்ல, அனுமதியின் அளவு. கீழ்ப்படியில் இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் வரை, ஒரே ஒரு வீடியோ, விளம்பரத்துக்குக் கூடாது என்று எல்லைகள் இருக்கும். மேலே போகப்போக எல்லைகள் விரியும். ‘அன்லிமிடெட்’ படியில் எண்ணிக்கை எல்லை இருக்காது, ஆனால் தனியுரிமையும் இருக்காது. ஊர்த் திருவிழா மேடையில் பாடப்போகும் ஒருவரும், பெரிய நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் பாடப்போகும் ஒருவரும் ஒரே விலை கொடுக்க வேண்டும் என்பது நியாயமா? குறைவாகப் பயன்படுத்துபவர் குறைவாகக் கொடுக்கட்டும் என்பதைத்தான் படிகள் சொல்கின்றன.

இனி மூன்றாவது வாதம். எக்ஸ்க்ளூசிவ் வாங்கிவிட்டால் கவலை இல்லை என்பது. இதை நான் முழு மூச்சோடு மறுக்கிறேன். பாட்டு மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. அவற்றில் ஒன்றைக்கூட எக்ஸ்க்ளூசிவ் என்ற பெயர் மட்டும் அடைத்துவிடாது.

முதலாவது இடம், பீட்டுக்குள் இருக்கும் ஒலி எங்கிருந்து வந்தது என்பது. உலகில் மிகப் புகழ்பெற்ற லீஸ் பீட் ‘ஓல்ட் டவுன் ரோட்’ பாட்டினுடையது. நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற இளைஞர் செய்து இணையத்தில் விற்பனைக்கு வைத்திருந்த அந்த பீட்டை, அட்லாண்டாவில் இருந்த லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கினார். பாட்டு 2018 டிசம்பரில் வந்தது. 2019இல் ஹாட் 100 பட்டியலில் தொடர்ந்து 19 வாரம் முதலிடத்தில் நின்றது. லீஸ் பீட்டில் பாட்டு உருப்படாது என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. ஆனால் நான் இந்தக் கதையை எடுத்தது அதற்காக அல்ல. அந்தப் பாட்டின் அடையாளமாக ஒலிக்கும் பாஞ்சோ நரம்பிசை, நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழு 2008இல் வெளியிட்ட ஓர் இசைத்தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்ட சாம்பிள். அந்தத் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் வணிகத்துக்குக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பாட்டு பெரிதான பிறகுதான் அனுமதி பேசவேண்டி வந்தது. அந்தக் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர், ஆட்டிகஸ் ராஸ் இருவர் பெயரும் பாட்டை எழுதியவர்கள், தயாரித்தவர்கள் பட்டியலில் சேர்ந்தன. அவர்கள் தடுக்கவில்லை, ஆகவே பாட்டு பிழைத்தது.

இப்போது கேட்கிறேன்: அந்த பீட்டை 30 டாலர் லீஸில் வாங்காமல் 3,000 டாலர் கொடுத்து எக்ஸ்க்ளூசிவாக வாங்கியிருந்தால் என்ன மாறியிருக்கும்? சாம்பிள் விஷயத்தில் ஒன்றுமே மாறியிருக்காது. பீட் செய்தவரிடம் இல்லாத உரிமையை அவரால் எந்த விலைக்கும் விற்க முடியாது. இது சாம்பிளோடு நிற்பதுமில்லை. இன்று பலர் லூப் தொகுப்புகளிலிருந்து ஒரு கிடார் துணுக்கையோ குரல் துணுக்கையோ எடுத்து பீட் கட்டுகிறார்கள். அவற்றுக்கு ராயல்டி கொடுக்க வேண்டியதில்லை, பயன்படுத்த முறையான அனுமதி உண்டு. ஆனால் அதே துணுக்கை உலகெங்கும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அப்படிக் கட்டிய பீட்டை எக்ஸ்க்ளூசிவாக வாங்கியவர், தன் பாட்டின் முகமாக நினைக்கும் அந்தத் துணுக்கு வேறொரு நாட்டுப் பாட்டில் ஒலிப்பதைக் கேட்டுத் திகைக்கிறார். ஆள் வைத்து வாசிக்கச் செய்த பீட்டிலும் கேள்வி உண்டு. என் உதாரணத்தில் வந்த குழல் கலைஞரிடம், இதைப் பலருக்கு லீஸில் கொடுப்பேன், ஒருநாள் தனியுரிமையாகவும் விற்பேன் என்று சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கிறேனா? வாங்கவில்லை என்றால் விற்கிறவனின் கால் நிற்கும் தரையே உறுதியில்லை.

இரண்டாவது இடம் யூடியூபின் கன்டென்ட் ஐடி. பாடகர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். பாட்டை விநியோக நிறுவனம் வழியாக வெளியிடும்போது, கன்டென்ட் ஐடியில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் செய்தால், பாட்டின் ஒலியிலிருந்து ஒரு கைரேகை போன்ற பதிவை எடுத்து யூடியூப் வைத்துக்கொள்ளும். பிறகு யார் ஏற்றும் வீடியோவிலும் அந்த ஒலி வந்தால், பதிவு செய்தவர் பெயரில் தானாக உரிமைக்கோரல் விழும். அந்த வீடியோவின் விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம்.

ஒரே பீட்டை லீஸில் எடுத்த இருவரை எண்ணிப் பாருங்கள். முதலாமவர் அறியாமல் அந்தக் கட்டத்தில் டிக் செய்துவிட்டார். அவர் பாட்டின் தொடக்கத்தில் பன்னிரண்டு விநாடி குரல் இல்லாத பீட், நடுவே இருபது விநாடி இடையிசை. கைரேகையில் அவையும் சேர்ந்துவிடுகின்றன. இரண்டு மாதம் கழித்து இரண்டாமவர் தன் பாட்டை ஏற்றுகிறார். தொடக்கத்தைக் கேட்டவுடன் அமைப்பு அதை முதலாமவர் பாட்டு என்று சொல்லிவிடுகிறது. இரண்டாமவர் பதறிப்போய், பீட்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எனக்குப் போன் போடுகிறார். லீஸ் மோசடி என்ற பேச்சில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. உண்மையில் நடந்தது என்ன? தனியுரிமை இல்லாத ஒலியை கன்டென்ட் ஐடியில் சேர்க்கக் கூடாது என்பது யூடியூபின் விதியே. ஒழுங்கான லீஸ் சீட்டிலும் அந்த வரி இருக்கும். முதலாமவர் அதைப் படிக்கவில்லை, அல்லது விற்றவர் அதை எழுதவே இல்லை.

இதை அடையாளம் காண்பது எளிது. உரிமைக்கோரலைத் திறந்தால் எந்த விநாடியிலிருந்து எந்த விநாடி வரை பொருந்துகிறது என்று காட்டும். பொருந்தும் இடமெல்லாம் குரல் இல்லாத பகுதி, கோருபவர் பெயரில் இருப்பது வேறொருவர் பாட்டு என்றால், அது பீட் மோதல். லீஸ் சீட்டைக் காட்டி மறுப்பு அனுப்ப வேண்டும். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அதே நேரம் பீட் விற்றவரிடம் சொன்னால், அவர் முதலாமவரைத் தொடர்புகொண்டு பதிவை விலக்கச் செய்ய வேண்டும். அது விற்றவரின் கடமை.

எக்ஸ்க்ளூசிவ் இதைத் தீர்க்கிறதா? அந்த பீட்டை மூன்றாவதாக ஒருவர் எக்ஸ்க்ளூசிவாக வாங்குகிறார் என்று வையுங்கள். அதற்குமேல் நான் அதை யாருக்கும் விற்கக் கூடாது, சரி. ஆனால் ஏற்கெனவே கொடுத்த லீஸ்கள் அவற்றின் காலம் முடியும் வரை உயிரோடுதான் இருக்கும். காசு கொடுத்து வாங்கியவர்களின் அனுமதியைப் பாதியில் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே முதலாமவர் போட்ட தவறான பதிவு இந்த மூன்றாமவரின் பாட்டையும் பிடிக்கும். மூன்றாமவர் தன் பாட்டைப் பதிவு செய்தால், அது முதல் இருவரின் பாட்டுகளையும் பிடிக்கும். 30,000 கொடுத்தவரும் 1,500 கொடுத்தவர்களும் ஒரே சிக்கலில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். வாங்குவதற்கு முன், இதுவரை எத்தனை பேருக்கு லீஸ் கொடுத்திருக்கிறீர்கள், எவையெவை எப்போது முடிகின்றன என்று கேட்டு அந்தப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்திருந்தால் இது வந்திருக்காது. காப்பாற்றுவது அந்தப் பட்டியல்தான்.

மூன்றாவது இடம் சட்டம். நம் ஊரில் எக்ஸ்க்ளூசிவ் விற்பனை பெரும்பாலும் எப்படி நடக்கிறது? வாட்ஸ்அப்பில் விலை பேசி, யுபிஐயில் பணம் அனுப்பி, டிரைவ் லிங்க்கை வாங்கிக்கொள்வதோடு முடிகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவு, உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கொடுப்பவர் கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதிக்கு என்பதையும் அதில் சொல்ல வேண்டும். காலம் சொல்லாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், பகுதி சொல்லாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். டொரன்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் கேட்கப்படும் என்ற ஆசையில் பாடியவர் கையில், பகுதி குறிப்பிடாத ஓர் ஒப்பந்தம் இருந்து என்ன பயன்? கையொப்பமே இல்லாத வாட்ஸ்அப் பேச்சில் அந்த அளவுகூட நிச்சயமில்லை.

எக்ஸ்க்ளூசிவ் வாங்கினால் பீட்காரனுக்குப் பிறகு எந்தப் பங்கும் இல்லை என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தன் இசை ஓர் ஒலிப்பதிவில் சேர்க்கப்பட்டால் அதன் பயன்பாட்டுக்கு வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை இசை அமைத்தவர் எழுதிக் கொடுத்தாலும் விட்டுவிட முடியாது. வாரிசுக்கோ, பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்ற முடியும். முன்னொரு காலத்தில் மொத்தத் தொகை கொடுத்து இசையமைப்பாளர்களிடம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டதற்கு எதிராக வந்த திருத்தம் அது. பீட் செய்பவனும் இசை அமைத்தவன்தான். ஆகவே பங்கு விவரத்தை முதல் நாளே பேசி எழுதிக்கொள்வதுதான் இருவருக்கும் நல்லது, அது 1,500 ரூபாய் லீஸ் ஆனாலும் சரி, 30,000 ரூபாய் எக்ஸ்க்ளூசிவ் ஆனாலும் சரி.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. லீஸில் என்னைப் போன்றவர்கள் திருத்த வேண்டிய ஒரு பெரும் குறை உண்டு. 50,000 ஸ்ட்ரீம் வரை என்று எல்லை போடுகிறோம். அந்த எல்லை தாண்டிய நாளில் என்ன ஆகும் என்பதைப் பல சீட்டுகள் சொல்வதில்லை. சில சீட்டுகள் அனுமதி முடிந்தது என்று மட்டும் சொல்கின்றன. அதாவது பாட்டு வெற்றி பெறும் நாளில்தான் பாடகர் உரிமையற்றவர் ஆகிறார். அப்போது பீட்காரர் நினைத்த விலையைக் கேட்கலாம். இது அநியாயம், இதை நான் மழுப்பப் போவதில்லை. மேல்படிக்கு மாறும் விலையை வாங்கும் நாளிலேயே எழுதிவிட வேண்டும்: எல்லை தாண்டியதும் இத்தனை நாளுக்குள், இத்தனை ரூபாய் கொடுத்து, ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துக்கொண்டு அன்லிமிடெட் படிக்கு மாறலாம், அதுவரை பாட்டை இறக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு என்று காலம் போட்டால் புதுப்பிக்கும் விலையும் அப்படியே இருக்க வேண்டும். இந்த ஒரு வரி இருந்தால் லீஸின் மேல் உள்ள கோபத்தில் பாதி இருக்காது. அந்தக் கோபத்துக்கு மருந்து இந்த வரிதான், லீஸை விட்டு ஓடுவது அல்ல.

வீடியோ எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாடகருக்குக் கொடுக்கும் லீஸ், பீட்டின் மேல் குரல் சேர்த்துப் புதுப் பாட்டு உண்டாக்குவதற்கு. காட்சியின் பின்னணியில் பீட்டை மட்டும் ஓடவிடுவது வேறு அனுமதி. நண்பர் லீஸில் வாங்கிப் பாடிய பாட்டை எடுத்துத் தன் குறும்படத்தில் வைக்கும் இயக்குநர், பாடகரின் சம்மதம் போதும் என்று நினைக்கிறார். பாடகரின் சீட்டில் ஒரு மியூசிக் வீடியோவுக்கு மட்டும்தான் இடம் இருந்தால், படத்தில் வைக்கும் உரிமையை அவர் கொடுக்கவே முடியாது. படம் யூடியூபில் இருக்கும்வரை யாரும் கேட்காமல் இருக்கலாம். ஓடிடி நிறுவனம் வாங்க முன்வந்தால், ஒவ்வொரு இசைத்துண்டுக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்கும். அன்றைக்குப் போய்க் கேட்டால் விலை வேறு. படம் தொடங்கும்போதே பீட் செய்தவரிடம், இன்ன படத்தில், இத்தனை விநாடி, இன்னின்ன தளங்களுக்கு என்று தனி அனுமதி கேட்டால் சிறு தொகையில் முடிந்துவிடும். இங்கேயும் எக்ஸ்க்ளூசிவ் தேவையே இல்லை. குறும்படத்துக்கு வேண்டியது தன் காட்சிக்கு ஓர் அனுமதி, அந்த பீட்டை உலகில் வேறு யாரும் தொடக் கூடாது என்ற தடை அல்ல.

எக்ஸ்க்ளூசிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு விளம்பர நிறுவனத்துக்குத் தன் அடையாள இசை வேறெங்கும் கேட்கக் கூடாது. அதற்கு அது வேண்டும். ஏற்கெனவே கேட்பவர் கூட்டம் உள்ள பாடகர், தன் தொகுப்பின் தலைப்புப் பாட்டுக்கு வாங்கலாம். லீஸில் வெளியிட்ட பாட்டு ஓடத் தொடங்கியதும், அந்த பீட் இன்னும் தனியுரிமையாக விற்கப்படவில்லை என்றால், அப்போது வாங்கலாம். அதற்குள் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டிருக்கும். நான் எதிர்ப்பது, யாருக்கும் தெரியாத முதல் பாட்டுக்கு 30,000 ரூபாயை பீட்டில் போட்டுவிட்டு, குரல் பதிவுக்கும் மிக்ஸுக்கும் காசில்லாமல் போனில் பாடிப் பதியும் நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளும் அறிவுரையை.

பீட் வாங்கப் போகிறவர் எந்தப் படி பாதுகாப்பானது என்று கேட்பதை விட்டுவிட்டு, நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். இதில் உள்ள ஒவ்வொரு ஒலியும் எங்கிருந்து வந்தது? இதற்கு முன் யார் யாருக்கு, எதுவரை கொடுத்திருக்கிறீர்கள்? கன்டென்ட் ஐடியில் யார் பதிவு செய்யலாம்? எல்லை தாண்டினால் என்ன விலை? நான்குக்கும் எழுத்தில், கையொப்பத்தோடு பதில் தருபவரிடம் வாங்கும் 1,500 ரூபாய் லீஸ் உறுதியானது. ஒன்றுக்கும் பதில் தராதவரிடம் வாங்கும் 30,000 ரூபாய் எக்ஸ்க்ளூசிவ் வெறும் சொல். பீட் விற்கும் என் சக தொழிலாளிகளே, இந்த நான்கு பதில்களும் இல்லாமல் இனி ஒரு ஃபைலையும் அனுப்பாதீர்கள். நம் தொழிலை மோசடி என்று சொல்பவர்களை வாதத்தில் வெல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் கொடுக்கும் சீட்டே அவர்களுக்குப் பதிலாக இருக்க வேண்டும்.